மாமாவின் காலை முதல் வேலை

வேலை நேரம் முடிந்த பிறகு யாரும் யாரையும் போனில் கூப்பிடக் கூடாது என்று எங்கள் டீமில் சட்டம் போட்டவள் நான்தான். சொல்ல வேண்டியது எதுவானாலும் எழுது. எழுதி வைக்க முடியாத அவசரம் என்று ஒன்று கிடையாது, ஒழுங்காகத் திட்டம் போடத் தெரியாதவர்கள்தான் அவசரம் அவசரம் என்று குதிப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லாருக்கும் இந்தப் பிரசங்கம் உண்டு. என் வீட்டுக்காரருக்கே மனப்பாடம். பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே எனக்கு முன்னால் அவர் முடித்துவிடுவார்.

சட்டம் போட்டதற்குக் காரணம் இருந்தது. என் டீம் மூன்று ஊர்களில் இருக்கிறது. எனக்குக் கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர், நடுவில் நான். கிழக்கே இருப்பவருக்குப் பொழுது சாயும்போது எனக்குக் காலை காபி. மேற்கே இருப்பவர் பல் தேய்க்கும்போது எனக்கு மதியச் சாப்பாடு. என் காலையில் கிழக்கோடு இரண்டு மணி நேரம் சேர்ந்து வேலை செய்வேன், என் பிற்பகலில் மேற்கோடு. அவர்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. ஒருவர் முகத்தை மற்றவர் போட்டோவில் பார்த்ததோடு சரி. அவர்களுக்கு நடுவில் ஓடுவதெல்லாம் கைமாற்றுக் குறிப்பு ஒன்றுதான். முடிந்தது என்ன, முடியாமல் நிற்பது என்ன, அடுத்தவர் செய்ய வேண்டியது என்ன. கிளம்புவதற்கு முன் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும். அடுத்தவர் அதைப் படித்துவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல், நேராக வேலையைத் தொடங்க வேண்டும்.

மேற்கே இருப்பவரை எல்லாரும் மாமா என்போம். கேட்காமலே அறிவுரை சொல்வார், அதனால் அந்தப் பெயர். தரவுகளைப் பத்திரமாக இடம் மாற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கிழக்கே இருப்பவருக்கு டாண் என்று பெயர். அவருடைய குறிப்பு தினமும் டாண் என்று ஒரே நிமிஷத்தில் வந்து விழும். மழையோ காய்ச்சலோ, அந்த நிமிஷம் தப்பாது. மற்றவர்கள் தாமதமாக எழுதும்போதெல்லாம் டாணைக் காட்டித்தான் குத்திக்காட்டுவேன்.

நாங்கள் செய்து கொடுப்பது டயாலிசிஸ் மையங்களுக்கான மென்பொருள். எந்த நோயாளி, எந்தக் கிழமை, எந்த வேளை, எந்த மெஷின் என்று சொல்வது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வருகிறவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை வந்து படுத்தே ஆக வேண்டியவர்கள். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கு மேல் தவறினால் என்ன ஆகும் என்று மையங்களின் தலைமை நர்ஸ் ஒருமுறை எனக்கு விளக்கிச் சொன்னார். அதன் பிறகு இந்த வேலையை நான் அற்பமாக நினைத்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாறுவதாக இருந்தது. காலை வேளை நோயாளிகள் கிளம்பி, மாலை வேளை ஆட்கள் வருவதற்குள் ஓர் இடைவெளி உண்டு. அந்த நேரத்தில் மாமா மாற்றிவிடுவார். மாறியதும் புதிய அமைப்பு நோயாளிகள் எல்லாருக்கும் தானாகவே மறுநாளுக்கான மெசேஜ் அனுப்பும். நேரம் இருப்பவருக்கு நேரம். பழையதில் நேரம் இருந்து, புதியதில் இல்லாதவருக்கு, ‘உங்கள் நேரம் ரத்து செய்யப்பட்டது.’ அதனால் மாற்றுவதற்கு முன் இரண்டு பக்கத்துப் பட்டியலும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று டாண் சரிபார்க்க வேண்டும். அவர் சரி என்று எழுதினால்தான் மாமா கை வைப்பார். திட்டத்தில் நானே அழகாக எழுதியிருந்தேன்: ‘டாண் சரி என்றதும், மாமாவின் காலை முதல் வேலையாக மாற்றம்.’

அன்று காலை டாணோடு பேசும்போது ஒரு குழப்பமும் இல்லை. பெயர்களெல்லாம் பொருந்திவிட்டன, நேரங்களைச் சரிபார்ப்பது ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். பிறகு நான் வேறு வேலையில் மூழ்கிவிட்டேன். குறிப்பு டாண் என்று வந்தது. ‘சரிபார்ப்பு முடிந்தது. பெயர்களும் நேரங்களும் பொருந்துகின்றன. மாமா மாற்றலாம்.’ படித்தேன், ஒரு கட்டைவிரல் போட்டேன், மறந்தேன்.

மதியம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது தலைமை நர்ஸ் கூப்பிட்டார். அவர் வாடிக்கையாளர், என் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. பதற்றமாகப் பேசவில்லை. காலையில் டாணிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தேனே, அது என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார்.

“என்ன விஷயம் சிஸ்டர்?”

“எங்க முதல் மையத்துல செவ்வாய், வியாழன், சனி வர்றவங்க பாதிப் பேருக்குப் புதுசுல நேரமே காட்டலைங்க. அவர்கிட்ட சொன்னேன். பாத்துட்டுச் சொல்றேன்னார். அப்புறம் ஆளைக் காணோம்.”

பாதிப் பேருக்கு நேரம் காட்டவில்லை. குறிப்பிலோ எல்லாம் பொருந்துகிறது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். சோற்றை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் ஓடினேன். சரிபார்ப்பு ஓடிய பதிவைத் திறந்தேன். முடியவே இல்லை. பாதி வழியில், பொருந்தாத வரிகளை வரிசையாகக் கக்கிவிட்டு, யாராவது வந்து பார்க்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தது. வாரத்துக்கு மூன்று முறை என்று திரும்பத் திரும்ப வருகிற நேரங்கள் ஒரு மையத்திலிருந்து சரியாக வந்து சேரவில்லை. அது நின்ற நேரத்தைப் பார்த்தேன். டாணின் குறிப்பு வருவதற்கு வெகு முன்னால்.

அப்படியானால் மனிதர் பொய் எழுதியிருக்கிறார். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அலுவலகச் செயலியில் கூப்பிட்டேன், ஆள் இல்லை. போன் நம்பர்? என் சட்டப்படி யாரிடமும் யாருடைய நம்பரும் கிடையாது. அலுவலகக் கோப்பில் இருப்பதை எடுக்கக் கணக்குப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். அவர்களும் எழுதித்தான் பதில் சொல்வார்கள்.

சரி, டாண் கிடக்கட்டும், மாமாவை நிறுத்தினால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சுவரில் மணி பார்த்தேன். மாமா வேலைக்கு வர இன்னும் முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. தாராளம். எதையும் எழுத்தில் செய்கிறவள் அல்லவா, உட்கார்ந்து நிதானமாக எழுத ஆரம்பித்தேன். என்ன கண்டேன், எந்த மையம், எந்த வரிகள், ஏன் நிறுத்த வேண்டும், அடுத்து என்ன. படித்தால் சந்தேகமே வரக் கூடாது. இரண்டு வாக்கியங்களை அழித்துத் திருத்தி எழுதினேன் என்பதை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டுக்காரர் கதவருகே வந்து, சாப்பாடு ஆறுது என்றார். மாமா வர்றதுக்குள்ள இதைப் போடணும் என்றேன்.

“மாமாவா? அவர் ஊர்ல நேத்துதானே கடிகாரத்தை முன்னாடி தள்ளி வெச்சாங்க. செய்தியில சொன்னானே.”

விரல் அப்படியே நின்றது. வருஷத்துக்கு இரண்டு தடவை மாமாவின் ஊர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளும், பிறகு இழுக்கும். எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. அவர்கள் தள்ளினால் மாமா எங்கள் கணக்கில் ஒரு மணி நேரம் முன்னதாக வேலைக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு வருஷமும் கூட்ட நேரத்தை மட்டும் மாற்றிவிட்டு, பெரிய வேலை செய்துவிட்டதுபோல் இருந்துவிடுவேன். திட்டத்திலோ எந்த ஊர் மணியும் இல்லை. ‘மாமாவின் காலை முதல் வேலையாக.’ மாமாவின் காலை வந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பார்க்கத் திரையைத் திருப்பினேன். அவர் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அதன் கீழே ஒரே வரி: ‘டாணின் குறிப்பு பார்த்தேன். மாற்றம் தொடங்கியது. முடியும் வரை தொந்தரவு வேண்டாம்.’

எழுதினேன். நிறுத்துங்க மாமா. நிறுத்துங்க. கொட்டை எழுத்தில் எழுதினேன். செயலியில் கூப்பிட்டேன், மணி அடிக்கவில்லை. பெரிய மாற்றம் செய்யும்போது எல்லா அறிவிப்பையும் அணைத்து வைக்க வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம்தான். என் சட்டங்களை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற டீம் எனக்கு ஏன் அமைந்தது என்று அந்த நேரத்தில் அழுகை வந்தது.

நானே நிறுத்தலாம் என்றால் அதற்கான சாவி மாமாவிடம் மட்டும்தான். இரண்டு பேர் கை வைத்தால் கெட்டுப்போகும் என்று... சரி, அதுவும் யார் சொன்னது என்று கேட்க வேண்டாம்.

அப்போதுதான் அத்தை ஞாபகம் வந்தார். மாமாவின் மனைவி. மகனின் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்க, மாமாவுக்குத் தெரியாமல், ஒருமுறை என்னைக் கூப்பிட்டிருந்தார். நம்பரை நான் அழிக்கவில்லை. கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார். பின்னால் மிக்ஸி ஓடியது.

“அத்தை, மாமா எங்கே?”

“மாடில. கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கார். யாரும் வரக் கூடாதாம். ஏம்மா, என்ன ஆச்சு?”

“மேல போங்க அத்தை. கதவைத் தட்டுங்க. கையை எடுக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான், கையை எடுங்கன்னு சொல்லுங்க.”

மிக்ஸி நின்றது. அத்தைக்கு முழங்கால் வலி என்பது எனக்குத் தெரியும். படிக்கட்டில் அவர் மூச்சு வாங்குவது காதுக்குள் கேட்டது. நான் இந்தப் பக்கம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டும் சத்தம். மாமா உள்ளிருந்து எரிந்து விழுந்தார். அத்தை கதவைத் திறந்து போனை அவர் காதில் வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்து கேட்டது மாமாவின் மூச்சு.

“டாண் சரின்னு எழுதியிருக்கானேம்மா,” என்றார், நான் சொல்லி முடித்ததும்.

“எழுதியிருக்கார் மாமா. ஆனா சரியில்லை. எதுவரை போயிட்டீங்க?”

விசைகள் தட்டும் சத்தம். மாமா மெதுவாகச் சொன்னார். மையங்கள் எல்லாம் புதியதுக்கு மாறிவிட்டன. அதைத் திருப்பிவிடலாம், பிரச்னை இல்லை. மெசேஜ் போக ஆரம்பித்திருந்தது. நிறுத்திவிட்டார். ஆனால் முதல் மையத்துக்கு முழுவதும் போய்விட்டது.

முதல் மையம்தான் கோளாறு இருந்த மையம். அனுப்பிய மெசேஜைத் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கு மெஷினில் படுக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் கையில், வர வேண்டாம் என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமா பழைய அமைப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். மெசேஜ் போனவர்களின் பட்டியலை எடுத்து எனக்கும் தலைமை நர்ஸுக்கும் அனுப்பினார். முந்தையதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மறுபடியும் ஒரு மெசேஜ் போடலாமா என்று கேட்டார். தலைமை நர்ஸ் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு நாளில் இரண்டு மெசேஜ் வந்தால் எதை நம்புவார்கள்? குரலில் சொல்ல வேண்டும் என்றார். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் அவர் போனையும் எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். இந்த மனிதரை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்.

சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு அம்மா, ரத்து என்று பார்த்ததும் ஒரு நாள் தப்பித்தோம் என்று சந்தோஷமாக மகள் வீட்டுக்குக் கிளம்பி, பஸ்ஸில் இருந்தார். இறங்கித் திரும்புங்க அம்மா என்று நான் கெஞ்சியது பஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

அதற்கு நடுவில்தான் டாண் கூப்பிட்டார். செயலியில் இல்லை, தலைமை நர்ஸிடம் என் நம்பரை வாங்கி நேராக. சட்டத்தை மீறிய முதல் ஆள். பின்னணியில் குழந்தை அழுதது.

பள்ளியிலிருந்து கூப்பிட்டார்களாம். மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டது. எழுந்து ஓடியவர் இப்போதுதான் மருத்துவமனையில் போனைத் திறந்து என் கொட்டை எழுத்தையெல்லாம் பார்த்திருக்கிறார்.

“குறிப்பை எப்போ எழுதினீங்க?” என்று கேட்டேன். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

மறைக்காமல் சொன்னார். “சாப்பாட்டு நேரத்துல அக்கா. தினமும் அப்போதான் எழுதுவேன். கிளம்புற நேரத்துக்குத் தானா போற மாதிரி வெச்சிடுவேன். அப்போதான் பாப்பாவைக் கூட்டிட்டு வர ஓடணும். நடுவுல ஏதாவது மாறினா போய்த் திருத்திடுவேன். ஒரு நாளும் திருத்தாம விட்டதில்லை அக்கா.”

ஆக அதுதான் டாண். நான் மெச்சி மெச்சிப் பேசிய நேரம் தவறாமை. நடக்கப்போவதை மதியமே எழுதி வைத்துவிட்டு, அதன்படியே அன்றைய நாளை நடத்திக்கொண்டிருந்த மனிதர். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். குழந்தை மறுபடி அழுதது. அவர் என்னிடம் பேசிக்கொண்டே அதைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

“நேரத்துக்கு வரலைன்னா நீங்க மத்தவங்களைச் சொல்றதைக் கேட்டிருக்கேன்,” என்றார். குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதனால் இன்னும் வலித்தது. போய்ப் பாப்பாவைப் பாருங்க, மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கலாம் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. ஒரு வக்கீல். வயதானவர், தனியாக இருப்பவர். மறுநாள் காலை முதல் வேளை, ஜன்னலோர மெஷின். தெரியாத நம்பர் என்றால் எடுக்கவே மாட்டார் என்றார் தலைமை நர்ஸ். தெரிந்த நம்பரிலிருந்து கூப்பிட்டும் எடுக்கவில்லை. சனிக்கிழமை வந்தபோதே கால் வீக்கமாக இருந்தது, இவர் தவறவே கூடாத ஆள் என்று சொன்னார். விலாசத்துக்கு ஆளை அனுப்பினார். வீடு பூட்டியிருந்தது. கதவிடுக்கில் சீட்டு எழுதிச் சொருகிவிட்டு வந்தார்கள். எழுத்து என்றதுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போனது. மையம் திறக்கும் நேரம் வந்தது, போனது. முதல் வேளை ஆட்கள் படுத்துவிட்டிருப்பார்கள். நானே கூப்பிட்டு, இல்லை என்ற பதிலைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாண் அந்தப் பக்கம் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்திருந்தார். ஏதாவது தெரிந்ததா அக்கா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

தலைமை நர்ஸ் கூப்பிட்டார்.

“வந்துட்டார். வாசல்ல நின்னு சண்டை போடறார். நீங்களே பேசுங்க, எனக்கு ஊசி போடற வேலை இருக்கு.”

போன் கை மாறியது. தொண்டையைச் செருமும் சத்தம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. வக்கீல் பாணியில் விசாரணையைத் தொடங்கினார்.

“என் நேரம் ரத்துன்னு நேத்து ஒரு மெசேஜ் வந்துச்சு. பாத்தேன். கீழே யார் பேரும் இல்லை, வந்து கேட்டுக்கலாம்னு கிளம்பி வந்துட்டேன். அதை யாரும்மா எழுதினது?”

மாமா எழுதவில்லை. டாண் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

“யாரும் எழுதலைங்க. அதுவா போயிடுச்சு.”

பின்னால் ஏதோ ஒரு மெஷின் ஓட ஆரம்பித்தது.

“அதான் வந்தேன்,” என்றார் வக்கீல். போனைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.